பைக் கிளட்ச்: ஸ்லிப் ஆகிறதா, இழுக்கிறதா?

மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்குகிறீர்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இன்னொரு வண்டியில் சிக்னலில் கிளட்ச்சை முழுசாகப் பிடித்தபடி நிற்கிறீர்கள். வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்க்கிறது, நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் "கிளட்ச் போச்சு" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இவை நேர் எதிரான கோளாறுகள். முதல் வண்டியில் கிளட்ச் முழுசாகச் சேரவில்லை, அதுதான் ஸ்லிப். இரண்டாவதில் முழுசாகப் பிரியவில்லை; அதைத்தான் மெக்கானிக்குகள் கிளட்ச் இழுக்கிறது என்பார்கள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் கோளாறு கூடத்தான் செய்யும்.

இங்கே பேசுவது கியர் உள்ள, கேபிளால் இயங்கும் பைக்குகளைப் பற்றி. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் லிவரும் கிடையாது, அந்தக் கேபிளும் கிடையாது. அது வேறு கதை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இன்ஜினின் வலது பக்க மூடிக்குள், ஆயிலில் நனைந்தபடி கிளட்ச் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் கிண்ணம் போன்ற பெல். அது இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் சுற்றும். அதற்குள்ளே ஹப் இருக்கிறது. அது கியர்பாக்ஸோடு சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பிரிக்‌ஷன் பிளேட், ஒரு ஸ்டீல் பிளேட், மறுபடி ஒரு பிரிக்‌ஷன் பிளேட் என்று மாறி மாறி வரும். பிரிக்‌ஷன் பிளேட்டின் வெளிக் காதுகள் பெல்லின் பள்ளங்களில் மாட்டியிருக்கும், ஸ்டீல் பிளேட்டின் உள்பற்கள் ஹப்பில் மாட்டியிருக்கும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. லிவரைப் பிடிக்கும்போது நாம் செய்வது ஒன்றே ஒன்று: ஸ்பிரிங்கின் அழுத்தத்தை விலக்குவது. அடுக்கு தளர்கிறது, பிளேட்டுகள் தனித்தனியாகச் சுற்றுகின்றன.

ஆக, லிவரை விட்டிருக்கும்போது ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்த வேண்டும்; கேபிள் அதைக் கொஞ்சம்கூடத் தடுக்கக் கூடாது. லிவரைப் பிடித்தபோது அழுத்தம் முழுசாக விலக வேண்டும். கேபிள் போதிய தூரம் இழுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சமரசமாக வைக்கும் இடைவெளிதான் ஃப்ரீ ப்ளே, சுருக்கமாக ப்ளே. லிவரை விரலால் லேசாக இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கொஞ்சம் வரும். பிறகுதான் ஸ்பிரிங்கின் கனம் தெரியும். அந்த வெறும் ஓட்டத்தின் அளவே ப்ளே.

பெரும்பாலான 100, 125 சிசி பைக்குகளுக்கு இது லிவரின் நுனியில், உருண்டை முனையில் அளந்தால் 10 முதல் 20 மி.மீ. சில கம்பெனிகள் லிவரின் அடியில், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள இடைவெளியாக 2 முதல் 3 மி.மீ. என்று கொடுத்திருக்கும். நுனியில் அளக்க வேண்டிய எண்ணை அடியில் வைத்தால் ப்ளே பல மடங்காகிவிடும். அதனால் வண்டியோடு வந்த கையேட்டில் எந்த இடத்தில் அளக்கச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

ப்ளே தானாக மாறினால் என்ன அர்த்தம்?

இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தொடாமலே ப்ளே கூடினால் கேபிள் பக்கம் காரணம். யாரும் தொடாமலே ப்ளே குறைந்தால் பிளேட் தேய்கிறது.

முதல் பாதி எளிது. கேபிளின் உள்கம்பி நாள்பட நீளும், வெளியுறை அமுங்கும், லிவரின் போல்ட் துளை தேயும். எல்லாமே ப்ளேயைக் கூட்டும். புதுக் கேபிள் போட்ட முதல் சில நாளில் ப்ளே கூடுவது சகஜம்.

இரண்டாம் பாதிதான் பலருக்கு வியப்பாக இருக்கும். தேய்ந்தால் லூஸாகத்தானே ஆக வேண்டும்? பிரேக்கில் அப்படித்தான். கிளட்ச்சில் அப்படி இல்லை. பிளேட் தேயத் தேய அடுக்கின் மொத்தத் தடிமன் குறைகிறது. ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட், அந்தக் குறைவை நிரப்ப நகர்ந்து வருகிறது. அப்படி நகரும் திசை, கேபிள் இழுக்கும் திசைக்கு எதிரானது. அதனால் அது இன்ஜின் பக்கத்தில் கேபிளின் மறுமுனை மாட்டியிருக்கும் சிறு கையையும் அதனோடு கேபிளையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லிவரில் இருந்த வெறும் ஓட்டம் ஒவ்வொரு மில்லிமீட்டராகக் குறையும். கடைசியில் ப்ளே பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகும் தேய்ந்தால் நகர வேண்டிய பிரஷர் பிளேட்டைக் கேபிளே பிடித்து நிறுத்திவிடும். நீங்கள் லிவரைத் தொடவே இல்லை, ஆனால் கிளட்ச் பாதி பிடித்தது போன்ற நிலையில் இருக்கும். பிளேட்டுகள் உரசும், சூடேறும், இன்னும் வேகமாகத் தேயும்.

இதனால்தான் லிவர் கொஞ்சம் ஆடுகிறது என்று பார்க்கும்போதெல்லாம் டைட் வைக்கச் சொல்வது பிளேட்டைக் கொல்லும் பழக்கம். லிவர் ஆடத்தான் வேண்டும்.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிப்பது

ஸ்லிப்பைச் சோதிக்க வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய், ஆக்சிலரேட்டரை ஒரேயடியாகத் திறங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். ஸ்லிப் ஆகிறதென்றால் சத்தம் சட்டென்று மேலே ஓடும், வேகம் பின்தங்கி வரும். ஆர்பிஎம் மீட்டர் உள்ள வண்டியில் முள்ளே காட்டிக்கொடுக்கும். ஆரம்பக்கட்ட ஸ்லிப் குறைந்த கியர்களில் தெரியாது. டாப் கியர், ஏற்றம், இருவர் பயணம் ஆகியவற்றில்தான் முதலில் தலைகாட்டும். வண்டியைச் சுவரில் முட்டி நிறுத்தி, ரேஸ் கொடுத்துச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். அந்த ஒரு சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும்.

"பிக்கப் இல்லை" என்பதெல்லாம் ஸ்லிப் ஆகாது. காற்று பில்டர் அடைத்தாலோ, பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ, செயின் பிரச்சினை என்றாலோ வண்டி மந்தமாகும். ஆனால் அப்போது இன்ஜின் சத்தமும் கூடவே மந்தமாகத்தான் இருக்கும். சத்தம் மட்டும் தனியாக ஏறினால்தான் கிளட்ச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

இழுக்கிறதா என்று பார்க்க, சூடான வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையோ துணியோ போகக் கூடாது. கிளட்ச்சை முழுசாகப் பிடித்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் லேசாகச் சுற்றும். அது கோளாறு இல்லை. பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆயிலே அந்த அளவு இழுக்கும். இப்போது பின் பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். சக்கரம் சுலபமாக நின்று, இன்ஜின் அப்படியே ஐடிலில் ஓடினால் கிளட்ச் பிரிகிறது. பிரேக் பிடித்ததும் இன்ஜின் திணறினால், நின்றுபோனால், கிளட்ச் இழுக்கிறது.

காலையில் முதல் தடவை கியர் போடும்போது மட்டும் 'டக்' என்று வண்டி குதித்தால் பயப்பட வேண்டாம். இரவெல்லாம் நின்றதில் பிளேட்டுகள் ஆயிலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை தள்ளினால் பிரிந்துவிடும்.

ப்ளே வைப்பது

வேண்டியவை ஒரு ஸ்கேல், பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானர்கள் இரண்டு, கொஞ்சம் ஆயில். இன்ஜின் ஆறியிருக்கட்டும், ஹேண்டில் நேராக இருக்கட்டும்.

ப்ளேயைத் தொடும் முன் கேபிளைப் பாருங்கள். லிவரில் மாட்டும் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். மீதி இழைகள் நடுரோட்டில் அறுவதற்குக் காத்திருக்கின்றன. இழுத்து விடும்போது மணலில் உரசுவது போல இருந்தால் கேபிள் உள்ளே துரு. அப்படிச் சிக்கும் கேபிள் லிவரை முழுசாகத் திரும்ப விடாது. அது தரும் ஸ்லிப்பை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் சரிசெய்யாது.

ப்ளேயை மாற்ற இரண்டு இடம் உண்டு. லிவர் பக்கம் இருப்பது நுட்பமான திருத்தத்துக்கு, இன்ஜின் பக்கம் இரண்டு நட்டுகளோடு இருப்பது பெரிய திருத்தத்துக்கு. லிவர் பக்கத்தில் லாக் வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே வரும்படி திருகினால் ப்ளே குறையும், உள்ளே திருகினால் கூடும். காரணம், அட்ஜஸ்டர் வெளியே வரும்போது கேபிளின் வெளியுறைக்கு வழி நீண்டு, உள்கம்பி இறுகுகிறது.

பலரும் லிவர் பக்கத்திலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். அட்ஜஸ்டர் பாதிக்கு மேல் வெளியே வந்தால் பிடிக்க மரை இல்லாமல் ஆடும், மரை வழுக்கும். சரியான வழி, முதலில் லிவர் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஓரிரு சுற்று வெளியே எடுத்து வைப்பது. பிறகு இன்ஜின் பக்கத்து நட்டுகளை நகர்த்தி ப்ளேயைக் கிட்டத்தட்ட 15 மி.மீ. அளவுக்குக் கொண்டுவருவது. கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் லிவர் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். அளக்கும்போது ஸ்கேலை லிவர் நுனிக்கு எதிரே பிடித்து, ஒற்றை விரலால் கனம் தெரியும் வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் ஸ்பிரிங்கையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

லாக் நட்டுகளை இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ப்ளே காணாமல் போனால் கேபிள் எங்கோ டேங்க்கிலோ ஃபிரேமிலோ சிக்கியிருக்கிறது. அட்ஜஸ்டரிலும் லாக் வளையத்திலும் உள்ள பிளவுகள் ஒரே கோட்டில் நிற்காமல் கொஞ்சம் விலக்கி வையுங்கள். இல்லையென்றால் கேபிள் அந்த வழியே நழுவி வெளியே வரலாம். பிறகு மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள்.

ப்ளே சரி, கோளாறு மட்டும் போகவில்லை

ஸ்லிப் என்றால் பிளேட்டைக் கழற்றும் முன் ஒரு கேள்வி: சமீபத்தில் ஆயில் மாற்றினீர்களா? பைக்கில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சப்பட, உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்திருக்கும். கிளட்ச்சுக்குத் தேவையே உராய்வுதான். டப்பாவில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது உராய்வு குறைந்த வகை, கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. ஆயில் மாற்றிய சில நாளில் ஸ்லிப் ஆரம்பித்தால் முதலில் சரியான ஆயிலுக்கு மாறுங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெளிந்துவிடும்.

இழுக்கும் வண்டியில் ஆயில் அளவு அதிகமா, கையேட்டில் சொன்னதைவிடக் கெட்டியானதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் காரணம் உள்ளே: ஸ்டீல் பிளேட் சூட்டில் வளைந்திருக்கலாம், அல்லது பெல்லின் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் விரல்களில் வெட்டு விழுந்திருக்கலாம். இந்த வெட்டைப் பற்றி மெக்கானிக் கடைகளில் அதிகம் பேசுவதில்லை. பிரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் வருடக்கணக்கில் இடித்து இடித்து அலுமினிய விரல்களில் படிக்கட்டு போல வெட்டு விழும். லிவரைப் பிடித்தாலும் பிளேட்டுகள் நகராமல் அந்த வெட்டில் மாட்டிக்கொள்ளும். புது பிளேட் போட்டும் இழுக்கிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. லேசான வெட்டை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமானால் பெல்லையே மாற்ற வேண்டும்.

பிளேட் மாற்றும் நேரம்: ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம்

34,000 கி.மீ. ஓடிய 100 சிசி பைக் ஒன்று. நகர நெரிசல், பெரும்பாலும் இருவர் பயணம். மேம்பாலத்தில் டாப் கியரில் ஸ்லிப். லிவர் நுனியில் ப்ளே 3 மி.மீ. தான். போன சர்வீஸில் 15 வைத்தது, நடுவில் யாரும் தொடவில்லை. இதுவே பிளேட்டைச் சுட்டுகிறது. ஆனாலும் முதலில் ப்ளேயை 15க்குக் கொண்டுவந்து பார்க்கிறோம். ஸ்லிப் குறைகிறது, போகவில்லை. ஆயில் சரியான தரம், ஆனால் வடிக்கும்போது கருகிய வாடை. இனி திறந்துதான் பார்க்க வேண்டும்.

நான்கு பிரிக்‌ஷன் பிளேட்டுகளை வெர்னியரில் ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் அளக்கிறோம். இந்த வகை வண்டிகளில் புது பிளேட் ஏறத்தாழ 3 மி.மீ., மாற்ற வேண்டிய வரம்பு ஏறத்தாழ 2.6; துல்லியமான எண் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நம் வண்டியில் மூன்று பிளேட் 2.6, ஒன்று 2.5. ஒன்று மட்டும்தானே வரம்புக்குக் கீழே என்று அதை மட்டும் மாற்றக் கூடாது. அடுக்கு முழுவதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது, மாற்றினால் செட்டாகத்தான். பிளேட்டின் தடிமன் வரம்புக்குள் இருந்தாலும் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தால், கருகி உதிர்ந்தால், காது உடைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டீல் பிளேட்டுகளைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, விளிம்பைச் சுற்றி ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்க்கிறோம். 0.2 மி.மீ. தகடு நுழைந்தால் வளைந்துவிட்டது என்று அர்த்தம். நீலம் பாய்ந்த பிளேட் கடுமையாகச் சூடானது. நம் வண்டியில் இரண்டு அப்படி, ஒன்றில் 0.2 நுழைகிறது. ஆக ஸ்டீல் பிளேட்டும் புதிது. ஸ்பிரிங்குகளின் நீளத்தை மேனுவல் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிளேட் அளவு நன்றாக இருந்தும் ஸ்லிப் ஆகும் வண்டியில் பெரும்பாலும் தளர்ந்த ஸ்பிரிங்தான் குற்றவாளி. விலை குறைவு என்பதால் பிளேட்டோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

கழற்றி மாட்டுவதை முதன்முறை தனியாகச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சில மாடல்களில் ஹப் நட்டைத் திறக்கத் தனி டூல் வேண்டும். ஆனால் மெக்கானிக் செய்யும்போது நான்கு விஷயங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். புது பிரிக்‌ஷன் பிளேட்டுகளை மாட்டும் முன் புது இன்ஜின் ஆயிலில் ஒரு மணி நேரமாவது ஊறப்போட வேண்டும். காய்ந்த பிளேட் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகலாம். அடுக்கு பிரிக்‌ஷன் பிளேட்டில் தொடங்கி பிரிக்‌ஷன் பிளேட்டில் முடிய வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவை சின்ன 6 மி.மீ. போல்ட்டுகள், அலுமினியத்தில் ஏறுபவை. ஏறத்தாழ 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும், முழு பலம் கொடுத்தால் போல்ட் ஏறும் தூண் உடையும். மூடியின் கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும்.

மூடி மாட்டி ஆயில் ஊற்றியபின் ப்ளேயை முதலிலிருந்து வைக்க வேண்டும். பழைய அட்ஜஸ்ட்மென்ட் மெலிந்த அடுக்குக்கு வைத்தது. அடுக்கு இப்போது தடித்துவிட்டது. அப்படியே விட்டால் ப்ளே அதிகமாகி, ஸ்லிப் ஆன வண்டி இழுக்கும் வண்டியாகத் திரும்பி வரும். நம் வண்டியில் நான்கு பிரிக்‌ஷன் பிளேட் மட்டுமே மொத்தம் 1.7 மி.மீ. கூடியிருக்கிறது. இன்ஜின் பக்கத்துக் கைக்கு அது சிறிய அளவு இல்லை.

முதல் 300 கி.மீ. வரை பாதி கிளட்ச்சில் ரேஸ் கொடுத்துக் கிளப்புவதையும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்திவைப்பதையும் தவிருங்கள். புது பிளேட்டின் மேற்பரப்பு படியும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகத் தேயும். அதனால் 500 கி.மீ. ஆனதும் ஸ்கேலை எடுத்து ப்ளேயை மறுபடி அளந்து, 15க்குக் கொண்டுவந்து, அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ப்ளே குறைந்ததா கூடியதா என்று பார்க்க அந்த ஒரு வரி போதும்.